பத்து நிமிடம், ஒரு முதல் வரி

"சிங்கப்பூரில் ஒரு சின்ன கம்பெனியில் விற்பனைக்குச் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. உணவு தயாரிக்கும் இடங்களுக்குக் கோல்ட் ரூம் வெப்பநிலையைக் கண்காணிக்கும் கருவி விற்கிறோம். ஒவ்வொரு ஈமெயிலுக்கும் பத்து நிமிடம் தேடி, அந்த ஆளுக்கென்றே ஒரு முதல் வரி எழுது என்கிறார் மேனேஜர். 'உங்கள் வெப்சைட் அருமை' என்று எழுதிப் பார்த்தேன், ஒருவர்கூடப் பதில் போடவில்லை. பத்து நிமிடத்தில் எங்கே பார்ப்பது, என்ன எழுதுவது?"

உங்கள் சரக்குக்குப் பக்கத்துச் சரக்குதான் என்னுடையதும். கோல்ட் ரூம், ஃப்ரீசர் பராமரிப்பு ஒப்பந்தங்களைப் பதினாறு வருடமாக இங்கே விற்கிறேன். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் சென்ட்ரல் கிச்சன் வைத்திருப்பவர்கள், மாவு அரைப்பவர்கள், ஃப்ரோசன் பொருள் செய்பவர்கள். அதனால் நான் சொல்வது இந்த அளவு நிறுவனங்களுக்குப் பொருந்தும். வங்கிக்கோ பன்னாட்டு நிறுவனத்துக்கோ விற்றுப் பழக்கமில்லை, அதைப் பற்றிப் பேச மாட்டேன்.

'உங்கள் வெப்சைட் அருமை' ஏன் எடுபடவில்லை என்பதை முதலில் பார்ப்போம். உங்கள் ஈமெயில் அவர் போனில் வரும்போது அனுப்பியவர் பெயர், தலைப்பு, உள்ளே இருப்பதன் முதல் சில சொற்கள், இவ்வளவுதான் தெரியும். அந்தச் சில சொற்களை வைத்தே திறப்பதா அழிப்பதா என்று முடிவு செய்கிறார். 'நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்', 'எங்கள் நிறுவனம் பல ஆண்டுகளாக', 'உங்கள் வெப்சைட் அருமை' எல்லாம் அந்த இடத்தை நிரப்பிவிடும், ஆனால் ஒன்றும் சொல்லாது. அதே வரியை அடுத்த கட்டடத்தில் இருக்கும் கம்பெனிக்கும் அப்படியே அனுப்பலாம். படிக்கிறவருக்கு அது உடனே தெரிந்துவிடும், ஏனென்றால் அவருக்கும் தினமும் அதே வரி பத்துப் பேரிடமிருந்து வருகிறது.

ஆகவே அந்தப் பத்து நிமிடத்தில் நீங்கள் தேட வேண்டியது அவரைப் பற்றிய செய்தி அல்ல. அவருடைய வேலை நடக்கும் இடத்தில், உங்கள் பொருள் தொடும் அந்த ஒரு புள்ளிக்கு ஏதாவது தடயம் வெளியே தெரிகிறதா என்று பார்க்கிறீர்கள். அவர் எந்தப் பள்ளியில் படித்தார், எந்த விருது வாங்கினார் என்பதெல்லாம் உண்மையாக இருக்கலாம், ஆனால் அதற்கும் கோல்ட் ரூமுக்கும் சம்பந்தமில்லை. விருதுக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு அடுத்த வரியில் வெப்பநிலைக் கருவிக்குத் தாவினால், வாழ்த்து வெறும் தூண்டில் என்று அவருக்குப் புரிந்துவிடும். நான் வைத்திருக்கும் சோதனை எளிது. முதல் வரியை எடுத்துவிட்டு இரண்டாவது வரியைப் படியுங்கள். இரண்டாவது வரி ஆடாமல் நின்றால் முதல் வரி ஒட்டவைத்த வரி. அது இல்லாமல் மீதி ஈமெயிலுக்கு அர்த்தமே இல்லை என்றால் அதுதான் சரியான வரி.

எங்கே தேடுவது என்றால், இந்த ஊரில் எனக்கு அதிகம் கைகொடுத்தது வேலை விளம்பரம். வெப்சைட்டில் நிறுவனம் தன்னை எப்படிக் காட்ட விரும்புகிறதோ அது இருக்கும். வேலை விளம்பரத்தில் அங்கே உண்மையில் என்ன வேலை நடக்கிறது என்பது இருக்கும். MyCareersFuture என்ற அரசாங்கத் தளத்தைப் பாருங்கள். வெளிநாட்டு ஊழியரை எம்ப்ளாய்மென்ட் பாஸில் எடுக்க நினைக்கும் நிறுவனம், சில விதிவிலக்குகள் தவிர, அந்த வேலையை முதலில் அங்கே 14 நாள் விளம்பரப்படுத்த வேண்டும். அதற்காக அந்தத் தளத்துக்குப் பழகிய நிறுவனங்கள் மற்ற வேலைகளையும் அங்கேயே போடுகின்றன. லிங்க்ட்இன் பக்கம் தலைகாட்டாத மாவு மில்கூட அங்கே இருக்கும். விளம்பரம் போட்ட தேதியும் தெரியும், செய்ய வேண்டிய வேலைகளும் வரிசையாக இருக்கும். அந்த வரிசையைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும்.

போன வருடம் நான் எழுதிய ஒன்றையே எடுத்துக்கொள்வோம். வுட்லண்ட்ஸ் பக்கம் ஃப்ரோசன் பரோட்டாவும் கறி பஃப்பும் செய்யும் ஒரு நிறுவனம். முதல் இரண்டு நிமிடம் வெப்சைட். என்னென்ன செய்கிறார்கள், யாருக்குக் கொடுக்கிறார்கள் என்று பார்த்தேன். பக்கத்தின் அடியில் நிறுவனத்தின் பதிவு எண்ணான யூஇஎன் இருந்தது. பிரைவேட் லிமிடெட் நிறுவனமாக இருந்தால் அந்த எண்ணின் முதல் நான்கு இலக்கம் பதிவான வருடம். இவர்களுடையது 2009 என்று தொடங்கியது. இதை வைத்து 'பதினைந்து வருடமாக நடத்துகிறீர்கள்' என்று எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். அப்பா ஒரு கடையாகத் தொடங்கி முப்பது வருடம் நடத்தியதை மகன் பிறகு பிரைவேட் லிமிடெடாகப் பதிந்திருக்கலாம். எண் சொல்வது பதிவான வருடத்தை மட்டும். நான் அதைப் பார்ப்பது ஒரே காரணத்துக்காக: அந்த எண்ணை நிறுவனப் பதிவுக்கான அரசாங்கத் தளமான Bizfile-இல் போட்டால் நிறுவனம் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பது காசு கொடுக்காமலே தெரிந்துவிடும். அரை நிமிட வேலை.

அடுத்த நான்கு நிமிடம் வேலை விளம்பரங்கள். மூன்று இருந்தன. டிரைவர், பேக்கிங் ஆள், இரவு ஷிஃப்டுக்கு ஸ்டோர் உதவியாளர். மூன்றாவது ஒன்பது நாளுக்கு முன் போட்டது. வேலைகளில் ஐந்தாவதாக இருந்த வரி: கோல்ட் ரூம், ஃப்ரீசர் வெப்பநிலையை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பதிவுப் புத்தகத்தில் எழுத வேண்டும், மாற்றம் இருந்தால் சூப்பர்வைசருக்குச் சொல்ல வேண்டும். அதைப் படித்ததும் தேடுவதை நிறுத்திவிட்டேன். ஃப்ரீசர் எப்படிக் கண்காணிக்கப்படுகிறது என்பதை அவர்களே தங்கள் சொற்களில் எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு இதைவிட என்ன வேண்டும்?

அடுத்து ஒரு நிமிடம், யாருக்கு எழுதுவது என்று. லிங்க்ட்இனில் ஆபரேஷன்ஸ் மேனேஜர் ஒருவர் இருந்தார். அவர் முன்பு எங்கே வேலை பார்த்தார், வார இறுதியில் சைக்கிள் ஓட்டுகிறார் என்பதெல்லாம் கண்ணில் பட்டது, எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. பெயரை மட்டும் கவனமாகப் பார்த்தேன். இந்த ஊரில் வரி நன்றாக இருந்தும் பெயரில் சறுக்குகிறவர்கள் நிறைய. சீனப் பெயரில் டான், லிம் போன்ற குடும்பப் பெயர் முன்னால் வரும், மரியாதைக்கு அதைச் சொல்ல வேண்டும். கடைசிச் சொல்லைப் பிடித்து 'மிஸ்டர்' போட்டால் அந்நியமாக ஒலிக்கும். மலாய்ப் பெயரில் 'பின்', 'பிந்தி'க்குப் பின்னால் வருவது அப்பாவின் பெயர், அவருடையது அல்ல. நம் பெயர்களில் நடப்பது உங்களுக்கே தெரியும், அப்பா பெயரில் நம்மைக் கூப்பிடும் ஈமெயில் எத்தனை வந்திருக்கும்!

மீதி இரண்டரை நிமிடம் எழுத. இங்கேதான் பலரும் கெடுத்துக்கொள்கிறார்கள், நானும் முதலில் கெடுத்தேன். முதலில் எழுதியது: 'இரவு ஷிஃப்டுக்கு ஆள் எடுப்பதைப் பார்த்தேன், நிறுவனம் வளர்வது மகிழ்ச்சி.' ஆள் எடுத்தால் வளர்கிறது என்று யார் சொன்னது? இருந்த ஆள் நின்றிருக்கலாம். அடித்துவிட்டு எழுதியது: 'இரவில் ஆள் கிடைக்காமல் சிரமப்படுகிறீர்கள் என்று தெரிகிறது.' இதுவும் என் ஊகம்தான், கூடவே அவரை இரக்கத்துக்குரியவராக ஆக்குகிறது. மூன்றாவதாக எழுதியதைத்தான் அனுப்பினேன். ஆங்கிலத்தில் போனதைத் தமிழில் தருகிறேன்:

'இரவு ஸ்டோர் வேலைக்கான உங்கள் விளம்பரத்தில், ஃப்ரீசர் வெப்பநிலையை இரண்டு மணிக்கு ஒருமுறை புத்தகத்தில் எழுத வேண்டும் என்று இருந்தது. இரண்டு பதிவுகளுக்கு நடுவில் கம்ப்ரசர் நின்றுவிட்டால் அங்கே முதலில் யாருக்குத் தெரியவரும்?'

இதில் முதல் வாக்கியம் நான் கண்ணால் பார்த்தது. அதில் ஊகம் ஒரு சொல்லும் இல்லை. இரண்டாவது வாக்கியத்தில் ஊகம் இருக்கிறது, ஆனால் அதைக் கேள்வியாக வைத்திருக்கிறேன். பார்த்ததைச் சொல்லுங்கள், ஊகித்ததைக் கேளுங்கள். இந்த ஒன்றைக் கடைப்பிடித்தால் பொய்யான வரி எழுதவே முடியாது. அந்தக் கேள்விக்குப் பதில் அவருக்கு ஏற்கெனவே தெரியும், யோசிக்க வேண்டியதில்லை. அப்புறம் நான் விற்பதற்குத் தாவ வேண்டிய தேவையும் இல்லை, கேள்வியே அங்கே கொண்டுபோய் விட்டுவிடுகிறது. மூன்றாவது வரியில் நாங்கள் என்ன செய்கிறோம் என்று சாதாரணமாக எழுதினேன், நான்காவதில் பத்து நிமிடம் போனில் பேசலாமா என்று கேட்டேன். அவ்வளவுதான் ஈமெயில்.

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. இரண்டு மணி என்பது பழைய விளம்பரத்திலிருந்து அப்படியே எடுத்துப் போட்டது, இப்போது நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறைதான் எழுதுகிறோம் என்று திருத்தி எழுதியிருந்தார். கவனியுங்கள், விளம்பரம் சொன்னதும் முழு உண்மை இல்லை. ஆள் எடுக்கும் ஏஜென்சி எழுதியதாக இருக்கலாம், வேறொரு வேலையின் விளம்பரத்தை நகல் எடுத்திருக்கலாம். அதனால்தான் 'நீங்கள் இரண்டு மணிக்கு ஒருமுறை எழுதுகிறீர்கள்' என்று எழுதாமல் 'விளம்பரத்தில் இருந்தது' என்று எழுதினேன். தகவல் தவறாக இருந்தும் என் வரி தவறாகவில்லை. தன் வேலையைப் பற்றி யாரோ படித்துக் கேட்டிருக்கிறார், விவரம் சரியில்லை என்றால் திருத்தத் தோன்றும், அது மனித இயல்பு.

நான் தவறாக எழுதிச் சூடுபட்டதும் உண்டு. சேர்ந்த புதிதில் ஒரு உணவகக் குழுமத்துக்கு, புதிய கிளை திறந்ததற்கு வாழ்த்துச் சொல்லித் தொடங்கினேன். படித்த செய்தி இரண்டு வருடம் பழையது. கிளை அதற்குள் மூடிவிட்டது. அவர் பதில் போட்டார், ஒரே வரி, அதை இங்கே எழுத மனம் வரவில்லை. அன்று முதல் எந்தத் தகவலாக இருந்தாலும் முதலில் தேதி பார்ப்பேன். மூன்று மாதத்துக்கு மேல் பழையது என்றால், இன்னும் அப்படியே இருக்கிறது என்று வேறு வழியில் தெரியாதவரை தொடுவதில்லை.

எதைத் தொடக்கூடாது என்பதற்கு இன்னும் இரண்டு சொல்கிறேன். வேலைக்காக அவர் வெளியே வைத்தது உங்களுக்கு உரியது. நண்பர்களுக்காக வைத்தது உங்களுக்கு உரியதல்ல, பூட்டாத பக்கத்தில் இருந்தாலும். மகளின் பள்ளி விழாப் படத்தைப் பார்த்துவிட்டு அதில் தொடங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நெருக்கமாகத் தோன்றும் என்று நினைக்கிறார்கள், படிக்கிறவருக்கு யாரோ ஜன்னல் வழியே பார்த்த மாதிரி இருக்கும். இரண்டாவது, நம் துறைக்கே உரியது. சிங்கப்பூர் உணவு அமைப்பு எந்தெந்த உணவுக்கடைகளின் உரிமத்தைத் தற்காலிகமாக நிறுத்தியது என்பதை வெளிப்படையாகவே போடுகிறது. நீங்கள் எழுதும் நிறுவனத்தின் பெயர் அதில் இருந்தால், பொருளுக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இருப்பதால் கை துறுதுறுக்கும். வேண்டாம். அது அவருக்கு அவமானம், உங்கள் வரி மிரட்டலாகத்தான் ஒலிக்கும். பெயர் இல்லாவிட்டாலும் அந்த அமைப்பையும் அபராதத்தையும் முதல் வரியில் இழுக்காதீர்கள்.

பத்து நிமிடத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால்? இது அடிக்கடி நடக்கும், என் அனுபவத்தில் மூன்றில் ஒன்றாவது அப்படித்தான். நேரத்தை இருபது நிமிடமாக நீட்டாதீர்கள். நீட்டினால் கிடைப்பதெல்லாம் சைக்கிளும் பள்ளி விழாவும்தான். தனிப்பட்ட வரி இல்லாமல், 'ஃப்ரோசன் பொருள் செய்யும் நிறுவனங்களுக்கு இரவில் வெப்பநிலை ஏறினால் போனில் தெரிவிக்கும் கருவி விற்கிறோம்' என்று நேராக எழுதி அனுப்புங்கள். நேர்மையான பொது வரி, போலியான தனி வரியைவிட எவ்வளவோ மேல். அல்லது அந்தப் பெயரை ஒதுக்கிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். ஒரு தடயமும் இல்லாத நிறுவனத்துக்குப் பெரும்பாலும் உங்கள் பொருள் தேவைப்படாது.

இதில் ஒன்றை உங்கள் மேனேஜரிடம் பேசும்போது நினைவில் வையுங்கள். தேடி எழுதினால் பதில் அதிகம் வருகிறது என்பதை நான் பதினாறு வருடமாகப் பார்க்கிறேன், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அது முழுக்க அந்த வரியின் வேலையா என்பதில் சந்தேகம் உண்டு. பத்து நிமிடம் தேடும்போதே கோல்ட் ரூம் இல்லாதவர், மூடிவிட்டவர், நம்மிடம் வாங்க வாய்ப்பில்லாதவர் எல்லோரும் கழிந்துவிடுகிறார்கள். மிச்சம் இருப்பவர்களிடமிருந்து பதில் அதிகம் வரத்தானே செய்யும்? பிரித்துப் பார்க்க வேண்டுமென்றால், தேடி முடித்த நாற்பது நிறுவனங்களை எடுத்து, பாதிக்குத் தனி வரியோடும் பாதிக்கு நேரான பொது வரியோடும் அனுப்பிப் பாருங்கள். நாற்பது சின்ன எண்ணிக்கைதான், ஒன்றிரண்டு பதில் வித்தியாசத்தை வைத்து முடிவுக்கு வராதீர்கள். மடங்காக வேறுபட்டால் கவனியுங்கள்.

சட்டம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இந்தக் கணக்கு அங்கேயும் வருகிறது. இங்குள்ள ஸ்பேம் கட்டுப்பாட்டுச் சட்டம், ஒரே மாதிரியான விஷயத்தை 24 மணி நேரத்தில் 100க்கு மேல், 30 நாளில் 1,000க்கு மேல், அல்லது ஒரு வருடத்தில் 10,000க்கு மேல் அனுப்பினால் அதை மொத்த அனுப்புதலாகக் கருதுகிறது. அப்போது தலைப்பில் <ADV> என்று போட வேண்டும், விலகிக்கொள்ள வழி தர வேண்டும், இன்னும் சில நிபந்தனைகளும் உண்டு. பத்து நிமிடத்துக்கு ஒன்று என்றால் மணிக்கு ஆறு. காலையில் இரண்டு மணி நேரம் இதற்கென்று ஒதுக்கினால் பன்னிரண்டு, மாதத்தில் 240 அல்லது 250, வரம்புக்கு வெகு கீழேதான். ஆனால் இது உங்கள் ஒருவர் கணக்கு, கம்பெனியில் மற்றவர்கள் எத்தனை அனுப்புகிறார்கள் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். வேண்டாம் என்று ஒருவர் சொன்னால், எண்ணிக்கை எதுவாக இருந்தாலும், அன்றே பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். நான் வழக்கறிஞர் இல்லை. எண்ணிக்கை ஏறினாலோ, போன், வாட்ஸ்அப் பக்கம் போனாலோ, அங்கே 'அழைக்க வேண்டாம்' பதிவேட்டின் விதிகளும் வரலாம், தெரிந்தவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

கடைசியாக ஒரு பழக்கம். அனுப்பிய உடனே, எந்தப் பக்கத்தில் பார்த்தேன், அது என்றைக்குப் போட்டது, அதில் இருந்த சரியான சொற்கள் என்ன என்று ஒரு ஷீட்டில் எழுதி வைப்பேன். விளம்பரம் என்றால் ஒரு ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்துவிடுவேன், காலக்கெடு முடிந்ததும் அந்தப் பக்கம் காணாமல் போகலாம். மூன்று வாரம் கழித்து, நீங்கள் எம்ஆர்டியில் நின்றுகொண்டிருக்கும்போது அவர் போன் செய்து, "எந்த விளம்பரத்தில் அப்படிப் போட்டிருந்தோம்?" என்று கேட்பார். பரோட்டா நிறுவனத்துக்காரர் அப்படித்தான் கேட்டார். ஷீட்டைத் திறந்து வாசித்தேன். "ஓ, அதுவா, அது எங்கள் எச்ஆர் போட்டது. சரி, வியாழக்கிழமை வாங்க, ரூமைக் காட்டுறேன்" என்றார்.